ரவுட்டரில் ஊசியைக் குத்தும் முன்

ஒரு சனிக்கிழமை இரவு திருச்சியிலிருந்து அக்கா அழைத்தாள். "தம்பி, நெட் போச்சு. மாமா ரவுட்டர் பாஸ்வேர்டை மாத்தறேன்னு உட்கார்ந்தாரு. இப்ப எதுவுமே வேலை செய்யல" என்றாள். பின்னணியில் மாமாவின் குரலும் கேட்டது. "எல்லாம் சரியாத்தான்டா பண்ணேன். கடைசியில ரீசெட் மட்டும் பண்ணேன்" என்றார்.

நடந்தது இதுதான். மாடியில் முன்பு குடியிருந்தவர்களுக்கு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் காலி செய்து இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும், அடிக்கடி எதிர்வீட்டு உறவினரைப் பார்க்க வருவார்கள். அவர்களுடைய போன்கள் அப்போதும் அக்கா வீட்டு வைஃபையில் தானாக ஒட்டிக்கொண்டன. அதை நிறுத்த மாமா கடவுச்சொல்லை மாற்ற நினைத்தார். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், முதலில் உள்நுழைவுக் கடவுச்சொல்லை மாற்றினார். மறுபடி நுழையப் பார்த்தபோது அது ஏற்கவில்லை. யாரோ சொன்ன நினைவில் ஊசியை எடுத்து ரவுட்டரின் பின்னால் இருந்த சிறு துளையில் பத்து விநாடி அழுத்தினார். ரவுட்டர் புதிதாய் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பியது. அதோடு இணையமும் போனது. கேபிள்காரர் வெளியூரில் இருந்ததால் திங்கட்கிழமை மதியம்தான் இணைப்பு திரும்பியது.

மாமா செய்ய நினைத்தது முற்றிலும் சரியான காரியம். ரவுட்டருக்குள் இரண்டல்ல, மூன்று கடவுச்சொற்கள் இருக்கின்றன என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு நானே போய் அக்கா வீட்டில் அந்த வேலையை முதலிலிருந்து செய்தேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெட்டி, மூன்று பூட்டு

முதல் பூட்டு வைஃபை கடவுச்சொல். போனையும் டிவியையும் வீட்டு வைஃபையில் சேர்க்கும்போது கேட்பது இது. எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது, ரவுட்டரை நிர்வகிக்கும் பக்கத்துக்குள் நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும். உலாவியில் `192.168.1.1` அல்லது `192.168.0.1` என்று தட்டினால் வரும் பக்கம் அது. ஜியோ ஃபைபர் வீடுகளில் `192.168.29.1`. பல ரவுட்டர்களில் இந்தப் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே `admin` என்றுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன.

மூன்றாவது, ரவுட்டர் இணைய நிறுவனத்திடம் தன்னை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் பெயரும் கடவுச்சொல்லும். ரவுட்டர் பக்கத்தில் WAN என்ற பகுதியில் PPPoE என்ற தலைப்பின்கீழ் இது இருக்கும். இணைப்புக் கொடுக்க வந்த நாளில் கேபிள்காரர் இதைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் பார்த்ததே இல்லை. எல்லா இணைப்பிலும் இது இருக்காது. சில நிறுவனங்களின் ரவுட்டர்கள் இது இல்லாமலே தானாக இணைந்துகொள்ளும். ஆனால் ஊர்ப்பக்கத்துக் கேபிள்காரர்கள் தரும் ஃபைபர் இணைப்புகளில் மிகப் பரவலாக இருப்பது இந்த முறைதான்.

ஊசியால் ரீசெட் செய்தால் முதல் இரண்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய மதிப்புகளுக்குத் திரும்பும். மூன்றாவது திரும்பாது, அழிந்துபோகும். ஏனென்றால் அது தொழிற்சாலை வைத்தது அல்ல, கேபிள்காரர் வைத்தது. மாமாவின் வீட்டில் இரண்டு நாள் இணையம் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். ஃபைபர் இழை நேரடியாக வந்து சேரும் பெட்டியில் இந்தக் கடவுச்சொல்லோடு VLAN ID என்ற ஓர் எண்ணும், நிறுவனத்தின் பதிவு விவரமும்கூட இருக்கலாம். அவையும் ஊசி அழுத்தலில் போய்விடலாம்.

மாற்றாமல் விட்டால் என்ன?

"வீட்டுக்குள்ள இருக்கற பெட்டிதானே, யார் வந்து நுழையப் போறாங்க?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவரும் ரவுட்டர் பக்கத்தைத் திறக்கலாம் என்பது ஒரு பதில். மாடி வீட்டுப் பையன் `admin` என்று இரண்டு முறை தட்டினால் போதும், அவன் உள்ளே. சில ரவுட்டர்களில் வெளியிலிருந்தும் நுழைய வழி திறந்தே இருக்கும் என்பது இன்னொரு பதில்.

2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் இதைத்தான் செய்தது. அது பெரிய வித்தை எதையும் கையாளவில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர்-கடவுச்சொல் இணைகள் அறுபது சொச்சம் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, இணையத்தில் தெரிந்த ரவுட்டர்களையும் கேமராக்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றைப் படையாகச் சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படை டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் திறக்கவில்லை. மிராய் ரவுட்டரின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும்.

அடுத்த ஆண்டே நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் இணைப்பில் இருந்த, `admin` என்ற கடவுச்சொல்லை மாற்றாத மோடம்கள் ஒரு நச்சுநிரலால் முடங்கின. வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று அந்நிறுவனமே கேட்டுக்கொண்டது.

வீட்டாருக்கு நேரடியாகச் சேதம் தருவது இன்னொரு வகை. ரவுட்டருக்குள் புகுந்தவர் DNS என்ற ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும். நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் தட்டுவீர்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் வேலை திருடனிடம் போயிருக்கும். அவன் காட்டும் போலிப் பக்கத்துக்கு உங்களை அனுப்புவான். ரவுட்டர் வேகமாக ஓடும், விளக்குகள் பச்சையாக எரியும், எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியாது. உலாவி காட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்றுதான் அப்போது மிஞ்சும் காவல்.

தொடுவதற்கு முன் ஒரு தாள்

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் முதல் அரைமணி நேரம் ரவுட்டரில் எதையும் மாற்றவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினோம்.

முதலில் ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஒட்டுச்சீட்டைப் போனில் படம் பிடித்தோம். பழைய வைஃபை பெயர், கடவுச்சொல், நுழைவுப் பெயர், நுழைவுக் கடவுச்சொல் எல்லாம் அதில் இருக்கும். சூட்டில் அந்த எழுத்துகள் மங்கிவிடுவதால் படம் முக்கியம்.

அடுத்து, ரவுட்டர் பக்கத்துக்குள் போய் WAN பகுதியைத் திறந்து அதையும் படம் பிடித்தோம். PPPoE பெயர் வெளிப்படையாகத் தெரிந்தது. கடவுச்சொல் மட்டும் புள்ளிகளாக இருந்தது. கேபிள்காரரை அழைத்துக் கேட்டோம். "எதுக்குக் கேக்கறீங்க?" என்று முதலில் தயங்கினார். காரணம் சொன்னதும் வாட்ஸப்பில் அனுப்பினார். தர மறுப்பவர்களும் உண்டு. அப்படியென்றால், ரீசெட் தேவைப்பட்டால் யார் எத்தனை நாளில் வந்து தட்டித் தருவார் என்பதையாவது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்தோம். ரவுட்டர் பக்கத்தில் Management, System Tools, Maintenance போன்ற ஏதோ ஒரு பெயரில் இருக்கும் பகுதிக்குள் Backup என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு சிறு கோப்பு கணினியில் இறங்கும். இந்தக் கோப்புதான் நம் மீட்புக் கயிறு. தவறு நேர்ந்தால் இதைத் திரும்ப ஏற்றினால், அது எடுக்கப்பட்ட நிமிடத்தின் நிலைக்கு ரவுட்டர் திரும்பும். பழைய நுழைவுக் கடவுச்சொல்லும் அதோடு திரும்பும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நிறுவனம் கொடுத்த சில ரவுட்டர்களில் இந்தப் பொத்தான் இருக்காது. அங்கே படங்கள்தான் துணை.

நான்காவதாக, வைஃபையில் இருக்கும் சாதனங்களை எண்ணினோம். அக்கா நினைவிலிருந்து ஏழு சொன்னாள். ரவுட்டர் பக்கத்தில் இணைந்த சாதனங்களின் பட்டியல் பதினான்கு காட்டியது. வாசல் கேமரா, பிரிண்டர், மோட்டாருக்குப் போட்ட ஸ்மார்ட் பிளக், மாமாவின் பழைய டேப்லெட் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். இரண்டு மட்டும் யாருடையவை என்று தெரியவில்லை. அவற்றை அப்படியே எழுதி வைத்தோம்.

முதலில் நுழைவுக் கடவுச்சொல்

இரண்டில் எதை முதலில் மாற்றுவது? நுழைவுக் கடவுச்சொல்லைத்தான். அதை மாற்றினால் எந்தச் சாதனமும் அறுந்து போகாது. டிவியில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே நிதானமாகச் செய்யலாம்.

முடிந்தால் மடிக்கணினியை லான் கேபிளால் ரவுட்டரில் நேரடியாகச் செருகுங்கள். பின்னால் வைஃபை அமைப்பை மாற்றும்போது நீங்கள் மட்டும் அறுந்து போகாமல் இருப்பீர்கள். கேபிள் இல்லையென்றால் போனிலேயும் செய்யலாம், ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போன் ரவுட்டரை விட்டுவிட்டு வெளி இணையத்தில் அந்த முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். முகவரியை `http://192.168.1.1` என்று முழுமையாகத் தட்டினால் தேடல் பக்கத்துக்குப் போகாது.

புதிய கடவுச்சொல்லைத் திரையில் தட்டுவதற்கு முன்பே தாளில் எழுதுங்கள். மாமா மாட்டிக்கொண்ட இடம் இதுதான். என்ன நடந்தது என்று அவரைத் திரும்பச் செய்து காட்டச் சொன்னேன். அவர் இருபத்திரண்டு எழுத்தில், நடுவில் `&`, `'` போன்ற குறிகளோடு ஒரு கடவுச்சொல் வைத்திருந்தார். அந்த ரவுட்டர் முதல் பதினைந்து எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. நுழையும்போது அவர் முழுவதையும் தட்டினார். அது பொருந்தவில்லை. முதல் பதினைந்தை மட்டும் தட்டியிருந்தால் கதவு திறந்திருக்கும், ஊசியே தேவைப்பட்டிருக்காது.

பழைய மாடல்களில் இந்தக் கோளாறு உண்டு. சிலவற்றில் `&`, `'`, `"`, `<` போன்ற குறிகளும் தகராறு செய்யும். அதனால் நுழைவுக் கடவுச்சொல்லைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமாக வைப்பது பாதுகாப்பு. அகராதிச் சொல்லாக, வீட்டார் பெயராக, பிறந்த ஆண்டாக இருக்கக் கூடாது. போனில் தட்டினால் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும், கடைசியில் ஒரு இடைவெளியையும் ஒட்டிவிடும். கண் படத்தைத் தொட்டு, தட்டியது என்ன என்று பார்த்துவிட்டே சேமியுங்கள்.

சேமித்ததும் அந்தப் பக்கத்தை மூடாதீர்கள். உலாவியில் தனிமைச் சாளரம் ஒன்றைத் திறந்து, அங்கே புதிய கடவுச்சொல்லால் நுழைந்து பாருங்கள். நுழைந்துவிட்டால் வேலை முடிந்தது. நுழைய முடியவில்லை என்றால் பதற வேண்டாம். முதல் பக்கம் பல ரவுட்டர்களில் இன்னும் உள்ளேதான் இருக்கும். அங்கிருந்து, சேமித்து வைத்த கோப்பைத் திரும்ப ஏற்றினால் பழைய கடவுச்சொல் வந்துவிடும். சும்மா விட்டால் சில நிமிடங்களில் அந்தப் பக்கம் தானாக வெளியேறிவிடும் என்பதால் இந்தச் சோதனையை உடனே செய்ய வேண்டும். சில ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் ஒருவரைத்தான் அனுமதிக்கும். இரண்டாவது சாளரத்தில் வேறொருவர் உள்ளே இருக்கிறார் என்ற அறிவிப்பு வந்தால் அது கடவுச்சொல் பிழை அல்ல.

இன்னொரு கண்ணி. உலாவி உங்களுக்கு உதவுவதாக நினைத்து, சேமித்து வைத்த நுழைவுக் கடவுச்சொல்லைக் காலியாகத் தெரியும் எந்தக் கடவுச்சொல் கட்டத்திலும் நிரப்பிவிடும். WAN பக்கத்தில் PPPoE கட்டத்திலும் நிரப்பும். நீங்கள் கவனிக்காமல் அங்கே சேமித்தால், இணையத்துக்கான மூன்றாவது கடவுச்சொல் போயே போய்விடும். அதனால் WAN பக்கத்தைப் பார்த்தால் சேமிக்காமலே வெளியே வாருங்கள்.

வைஃபை கடவுச்சொல்: பாலம் போட்டு மாற்றுவது

இதில் உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாச் சாதனங்களும் அறுந்துபோகும். அதைத் தவிர்க்க வழியே இல்லை. வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் ஒவ்வொரு சாதனமும் தன் சாவியைச் செய்துகொள்கிறது. ஒன்று மாறினாலும் பழைய சாவி பொருந்தாது. போன், மடிக்கணினியில் புதியதைத் தட்டினால் போதும். கேமராவுக்கும் ஸ்மார்ட் பிளக்குக்கும் திரையே இல்லை. அவற்றை அதனதன் செயலி வழியாக மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். பதினான்கையும் ஒரே மாலையில் செய்ய முடியாது என்பதால்தான் பலர் இந்த வேலையையே தள்ளிப்போடுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போதைய பெரும்பாலான ரவுட்டர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெயர்களை ஒளிபரப்பும். ஃபைபர் பெட்டிகளில் SSID1, SSID2 என்று இருக்கும். கடையில் வாங்கும் ரவுட்டர்களில் Guest Network என்று இருக்கும். இதைப் பாலமாக வைத்துக்கொள்ளலாம்.

அக்கா வீட்டில் செய்தது இது. முதன்மை வைஃபைக்குப் புதிய பெயரும் புதிய கடவுச்சொல்லும் வைத்தோம். உடனே எல்லாச் சாதனங்களும் விலகின. அடுத்து, இரண்டாவது வைஃபையை இயக்கி அதற்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் கொடுத்தோம். பாதுகாப்பு வகையையும் முன்பு இருந்தது போலவே WPA2 என்று வைத்தோம். ஓரிரு நிமிடத்தில் டிவி, கேமரா, பிளக் எல்லாம் ஒன்றும் நடக்காதது போலத் தாமாகவே திரும்ப ஒட்டிக்கொண்டன. அவற்றுக்குப் பழைய வீடு அங்கேயே இருப்பதாகத் தோன்றும். நாம் ஒவ்வொன்றாகப் புதிய வீட்டுக்குக் குடிமாற்றலாம்.

புதிய வைஃபை கடவுச்சொல் எட்டிலிருந்து அறுபத்துமூன்று எழுத்து வரை இருக்கலாம். எட்டு போதாது. தொடர்பில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து நடுவில் எண் வைத்தால் நினைவில் நிற்கும், டிவி ரிமோட்டிலும் தட்ட எளிது. `kudam47ularthiyamaangai` என்பது போல. இதையே வைக்காதீர்கள், உங்களுக்கென்று ஒன்று யோசியுங்கள். பூஜ்யமும் ஓ என்ற எழுத்தும், ஒன்றும் எல் என்ற எழுத்தும் குழப்பும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

போன்களுக்குக் கடவுச்சொல்லைச் சொல்லவே தேவையில்லை. ஒரு போனில் சேர்ந்த பிறகு, ஆண்ட்ராய்டில் வைஃபை அமைப்புக்குள் பகிர்வு என்பதைத் தொட்டால் க்யூஆர் கட்டம் வரும். மற்ற போன்கள் அதைக் கேமராவில் பார்த்தால் சேர்ந்துவிடும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது இவ்வளவுதான்:

```
WIFI:T:WPA;S:வைஃபை-பெயர்;P:கடவுச்சொல்;;
```

பாலத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு. விருந்தினர் வைஃபையில் சேர்ந்த சாதனங்கள் முதன்மை வைஃபையில் இருப்பவற்றைப் பார்க்க முடியாதபடி பல ரவுட்டர்கள் தடுத்திருக்கும். அதனால் பிரிண்டரும் அதில் அச்சிடும் மடிக்கணினியும் ஒரே நாளில் குடிமாற வேண்டும். இரண்டாவது வரம்பு, பாலம் இருக்கும்வரை பழைய கடவுச்சொல்லும் உயிரோடு இருக்கும். வேண்டாதவர் ஒருவர் கெட்ட எண்ணத்தோடு நுழைந்திருக்கிறார் என்ற சந்தேகம் இருந்தால் பாலமே போடாமல் நேரடியாக அறுத்துவிட வேண்டும். அக்கா வீட்டில் அப்படிச் சந்தேகம் இல்லை. ஒரு வாரம் கெடு வைத்தோம்.

முதல் நாள் போன்களும் மடிக்கணினிகளும் மாறின. புதன்கிழமை டிவியும் பிரிண்டரும். வெள்ளிக்கிழமை வாசல் கேமரா தகராறு செய்தது. செயலி புதிய வைஃபையைக் காட்டியும் சேரவில்லை. கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். அக்காவின் போன் அப்போது 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. ரவுட்டர் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்ததும் கேமரா சேர்ந்தது. பிறகு அதைத் திரும்ப இயக்கினோம். இன்னொன்று: பாதுகாப்பு வகையை ஆசைப்பட்டு WPA3 மட்டும் என்று வைத்தால் பழைய சாதனங்கள் சேரவே சேராது. WPA2 AES, அல்லது WPA2, WPA3 இரண்டும் கலந்த வகை போதும்.

ஞாயிற்றுக்கிழமை பழைய வைஃபையில் யார் மிச்சம் என்று பட்டியலைப் பார்த்தோம். மூன்று இருந்தன. ஒன்று மோட்டார் பிளக். நாங்கள் மறந்தே போயிருந்தோம். மற்ற இரண்டும் முதல் நாள் தாளில் யாருடையது என்று தெரியாமல் எழுதி வைத்த அதே போன்கள். மாடியில் குடியிருந்தவர்கள் எதிர்வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிளக்கை மாற்றிவிட்டுப் பழைய வைஃபையை அணைத்தோம். யார் பெயரையும் சொல்லி யாரோடும் மனக்கசப்பு இல்லாமல் அந்த விஷயம் முடிந்தது.

இரண்டு திறந்த சன்னல்கள்

கடவுச்சொல் மாற்றிய கையோடு இரண்டு அமைப்புகளை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கதவைப் பூட்டிச் சன்னலைத் திறந்து வைத்தது போல ஆகும்.

ஒன்று WPS. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைத் தட்டியோ சாதனத்தைச் சேர்க்கும் வசதி அது. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது என்பது 2011 டிசம்பரில் வெளியானது. அதனால் பத்து கோடி முறை முயல வேண்டிய இடத்தில் அதிகம் போனால் பதினோராயிரம் முறை முயன்றால் போதும். எண் கிடைத்துவிட்டால், நீங்கள் எவ்வளவு நீளமாக வைத்த வைஃபை கடவுச்சொல்லையும் ரவுட்டரே எடுத்துக் கொடுத்துவிடும்.

மற்றொன்று Remote Management. வீட்டுக்கு வெளியிலிருந்து உங்கள் ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் வழி. வீட்டாருக்கு இது தேவைப்படாது. ஆனால் TR-069 என்று ஒன்று தெரிந்தால் அதைத் தொட வேண்டாம். உங்கள் இணைய நிறுவனம் தன் ரவுட்டரைப் பழுதுபார்க்கப் பயன்படுத்தும் தனி வழி அது. நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டால், அதன் வழியாக நிறுவனத்தாலேயே கடவுச்சொல்லை மாற்றித் தர முடிவதும் உண்டு.

மாட்டிக்கொண்டால்

எல்லாம் செய்தும் நுழைய முடியவில்லை என்றால், ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பல ரவுட்டர்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு சிறிது நேரம் சரியான கடவுச்சொல்லையும் ஏற்காது. கால் மணி நேரம் விட்டுவிட்டு ஒரே முறை முயலுங்கள். பெரிய எழுத்து விசை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் நீளமாக இருந்தால் முதல் பதினைந்து, பதினாறு எழுத்துகளை மட்டும் தட்டிப் பாருங்கள். உலாவி பழைய கடவுச்சொல்லை நிரப்புகிறதா என்று தனிமைச் சாளரத்தில் சோதியுங்கள்.

ஒரு போன் மட்டும் வைஃபையில் சேர மறுத்தால் அது ரவுட்டரின் பிழையல்ல. பெயரை மாற்றாமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். போன் பழைய சாவியையே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி, மறந்துவிடு என்பதைக் கொடுத்துப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

இவை எதுவும் உதவாவிட்டால்தான் ஊசி. அதுவும் PPPoE பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருந்தால் மட்டும். ஃபைபர் இழை நேராக வந்து சேரும் பெட்டியென்றால் கேபிள்காரரிடம் கேட்காமல் அதை ரீசெட் செய்யவே கூடாது.

அக்கா வீட்டுத் தாள் இப்போது ரேஷன் கார்டும் மின் கட்டண அட்டையும் இருக்கும் கோப்பில் இருக்கிறது. நுழைவுக் கடவுச்சொல், PPPoE விவரம், கேபிள்காரர் எண் மூன்றும் அதில் உண்டு. வைஃபை கடவுச்சொல் மட்டும் கூடத்துச் சுவரில் க்யூஆர் கட்டமாகத் தொங்குகிறது. இந்த வாரம் உங்கள் ரவுட்டரைக் கவிழ்த்து ஒரு படம் எடுங்கள், கேபிள்காரரை அழைத்து அந்த மூன்றாவது கடவுச்சொல்லைக் கேட்டு எழுதி வையுங்கள். மாற்றும் வேலையை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.